ஃபோர்ஸ் புஷ்ஷில் குழுவின் கமிட்களை அழித்துவிட்டேன், மன்னிப்புக் குறிப்பை எப்படி எழுதுவது?

கேள்வி: நான் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு லீட். நேற்று மாலை எல்லோரும் வேலை செய்யும் பொது பிரான்சில் தவறுதலாக ஃபோர்ஸ் புஷ் செய்துவிட்டேன். மூன்று பேருடைய கமிட்கள் காணாமல் போயின. பெரும்பாலும் மீட்டுவிட்டோம். இப்போது குழுவுக்கு ஒரு மன்னிப்புக் குறிப்பு எழுத வேண்டும். "எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறால் சில கமிட்கள் அழிந்துவிட்டன, சிரமத்திற்கு வருந்துகிறேன்" என்று தொடங்கியிருக்கிறேன். இது போதுமா? வேறு என்ன சேர்க்க வேண்டும்?

பதில்:

முதலில் அந்த வரியை அடித்துவிடுங்கள். கோளாறு எதுவும் நடக்கவில்லை, கிட் நீங்கள் சொன்னதைத்தான் அப்படியே செய்தது. "அழிந்துவிட்டன" என்ற சொல்லையும் பாருங்கள். தமிழில் அழிந்தது, அழித்தது இரண்டுக்கும் நடுவே ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம், ஆனால் பொறுப்பு முழுவதும் அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது. கமிட்கள் தாமாக அழியவில்லை, நீங்கள் அழித்தீர்கள். படிக்கிற ஐந்து பேரும் புரோகிராமர்கள், அவர்களுக்கு இது தெரியும். "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பது தோண்டிப்போட்ட சாலையில் வைக்கும் பலகையின் வாசகம். அதில் யார் யாரிடம் வருந்துகிறார்கள் என்றே இருக்காது.

இதை மேலே உட்கார்ந்து சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் நானும் லீடாக இருந்தபோது இதே காரியத்தைச் செய்தேன், முதலில் எழுதிய குறிப்பும் கிட்டத்தட்ட உங்களுடையதைப் போலவே இருந்தது. அன்று நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் குறிப்பில் என்ன வர வேண்டும் என்பது அந்த விவரங்களிலிருந்துதான் புரியும். ஆட்களை எழுத்துகளாலேயே குறிப்பிடுகிறேன்.

எங்கள் பொது பிரான்சின் பெயர் `integration`. காலையில் அதில் இரண்டு கமிட் புஷ் செய்தேன். பிறகு இரண்டாவது கமிட்டின் செய்தியில் ஒரு டிக்கெட் எண் தப்பாக இருப்பதைப் பார்த்து, `git commit --amend` போட்டுத் திருத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். மாலை 4.40-க்கு ஞாபகம் வந்து புஷ் செய்தால் மறுத்துவிட்டது. மறுக்கத்தானே செய்யும், அமெண்ட் செய்திருக்கிறேனே என்று நினைத்து `--force` சேர்த்து மறுபடி அடித்தேன், போய்விட்டது. அந்தப் பகல் முழுக்க வ. ஆறு கமிட், ச. நான்கு கமிட், ம. வலைப்பக்கத்திலேயே மெர்ஜ் பொத்தானை அழுத்தி ஒரு ஸ்குவாஷ் கமிட் என்று மொத்தம் பதினொன்று என்னுடையவற்றின் மேல் வந்து உட்கார்ந்திருந்தன. அத்தனையும் பிரான்சிலிருந்து போயின.

மறுப்புக்கு இரண்டு காரணங்கள் இருந்தன, எனக்கு ஒன்றுதான் தெரியும். தெரிந்த காரணமே போதும் என்று நினைத்துக்கொண்டேன். இதில் எனக்கு உறுத்தும் பகுதி, அந்த இரண்டாவது காரணத்தை டெர்மினல் சொல்லியிருந்தது என்பதுதான். மறுப்பு வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் கிட் ஒரு சிறு குறிப்பு போடும், பலரும் அதைப் படிப்பதில்லை:

```
! [rejected]  integration -> integration (fetch first)
! [rejected]  integration -> integration (non-fast-forward)
```

சர்வரில் பிரான்சின் நுனியில் இருக்கும் கமிட் உங்கள் கணினியில் இல்லவே இல்லை என்றால் முதல் வகை வரும். அதாவது "உன்னிடம் இல்லாத வேலை அங்கே இருக்கிறது". அந்தக் கமிட் உங்களிடம் இருக்கிறது, ஆனால் உங்கள் வரலாறு அதிலிருந்து விலகிவிட்டது என்றால் இரண்டாவது வகை. வெறும் அமெண்ட் மட்டும்தான் காரணம் என்றால் எனக்கு இரண்டாவதுதான் வந்திருக்க வேண்டும். வந்தது முதலாவது. பின்னால் திரையை மேலே உருட்டிப் பார்த்தபோது அது அப்படியே அங்கே இருந்தது.

(எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும், ஏனென்றால் நீங்கள் பார்க்காமலேயே அந்தக் கமிட்கள் உங்கள் கணினிக்கு வந்திருக்கும். `--force-with-lease` போட்டும் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டுகிறார்கள். எதிர்பார்க்கும் கமிட் எண்ணைச் சொல்லாமல் விட்டால் அது `origin/integration` எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் ஒப்பிடும், அதைத்தான் எடிட்டர் புதுப்பித்துவிட்டதே. இதற்காகவே கிட் 2.30-இல் `--force-if-includes` வந்தது. உங்களுக்கு நடந்தது இந்த வகை என்றால் குறிப்பில் அதையும் எழுதுங்கள், ஆனால் "பாதுகாப்பான கட்டளையைத்தான் போட்டேன்" என்ற தொனி வேண்டாம். அது காரணம் சொல்வது போல இல்லாமல் சாக்கு சொல்வது போலக் கேட்கும்.)

இதெல்லாம் ஒரு கட்டளையின் தவறு, யாருக்கும் நடக்கலாம். அடுத்து வந்ததுதான் உண்மையில் மன்னிப்புக் கேட்க வேண்டியது. மாலை 5.30-க்கு ம. வந்து "என்னுடைய மெர்ஜ் பிரான்சில் தெரியவில்லையே" என்று கேட்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் நான் சொன்னது, "பார்க்கிறேன்" என்று ஒரே சொல். யாருக்கும் தெரிவதற்குள் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். 6.20 வரை, ஐம்பது நிமிடம், வாயைத் திறக்கவில்லை.

அந்த ஐம்பது நிமிடத்தில் இரண்டு விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. ச. மாலை 5.05-க்கே `git pull --rebase` போட்டிருந்தார். சாதாரணமாக அது உள்ளூர்க் கமிட்களைத் தொடாது என்று நினைப்போம். ஆனால் அந்த நான்கு கமிட்களும் ஏற்கெனவே சர்வருக்குப் போனவை, அதனால் கிட் அவற்றை "மேலே இருந்தவை" என்று கணக்கு வைத்திருக்கும். இப்போது மேலே அவை இல்லை, அப்படியானால் யாரோ வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, அவற்றைத் திரும்பப் பொருத்தாமல் ச.வின் உள்ளூர்ப் பிரான்சையும் என் அமெண்ட் கமிட்டுக்கு நகர்த்திவிட்டது. எந்த முரண்பாடும் காட்டவில்லை, பிழையும் இல்லை. வெற்றிகரமாக ரீபேஸ் ஆனது என்று ஒரு வரி, அதற்கு மேலே ஃபெட்ச் வரியில் `(forced update)` என்று ஒரு சொல், அவ்வளவுதான். ச. எழுதிய கோட் அவர் கணினியிலேயே கண்ணெதிரே காணாமல் போயிற்று. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. தான்தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்து, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, ஞாபகத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுத ஆரம்பித்திருந்தார். 5.30-க்கே நான் ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும், அதைவிட முக்கியமாக அவருக்குத் தன் மேலேயே வந்த சந்தேகம் வந்திருக்காது.

இரண்டாவது, க. வேறு வேலையை முடித்துவிட்டு 6 மணிக்கு வந்து, புல் செய்து, உடைந்த பிரான்சின் மேலேயே ஒரு புதுக் கமிட் வைத்துப் புஷ் செய்தார். அவர் மேல் தப்பே இல்லை, அவருக்கு யார் சொன்னது?

மீட்பு ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. ஆனால் குறிப்பில் அதைச் சரியாக எழுத வேண்டும் என்பதால் சொல்கிறேன். ஃபோர்ஸ் புஷ் கமிட்களை உடனே அழிப்பதில்லை, பிரான்ச் என்ற பெயர்ப்பலகையைத்தான் வேறிடத்துக்கு நகர்த்துகிறது. பழைய நுனியின் எண் தெரிந்தால் போதும், அதன் கீழே உள்ள அத்தனையும் வந்துவிடும். புஷ் செய்த என் டெர்மினலில் பழைய எண்ணின் முதல் ஏழு எழுத்துகள் இருந்தன, ஆனால் சர்வரிடம் கேட்க முழு எண் வேண்டும். அந்த மேல் நுனி ம. வலைப்பக்கத்தில் உருவாக்கிய கமிட், அது எந்த மடிக்கணினியிலும் இல்லை. யாருடைய ரீஃப்லாகைத் தேடியும் கிடைக்காது. பில்ட் சர்வர் அதன் மேல் சோதனை ஓட்டியிருந்தது, அந்தப் பதிவில் நாற்பது எழுத்தும் இருந்தன. அதை வைத்து:

```
git fetch origin <முழு-எண்>
git branch rescue FETCH_HEAD
git push origin rescue
git push --force-with-lease=integration:<என்-தவறான-நுனி> origin rescue:integration
```

எல்லா சர்வரும் இப்படி எண்ணைச் சொல்லிக் கேட்டால் கொடுக்காது, எங்களுடையது கொடுத்தது. கடைசி வரியைக் கவனியுங்கள், மீட்பதற்கும் இன்னொரு ஃபோர்ஸ் புஷ் தேவை. அதில் நுனி எங்கே இருக்க வேண்டும் என்று நானே எண்ணைக் கொடுத்ததால், `(stale info)` என்று சொல்லி கிட் மறுத்துவிட்டது. அப்போதுதான் க.வின் கமிட் நடுவில் வந்திருப்பது தெரிந்தது. அங்கேயும் வெறும் `--force` போட்டிருந்தால் பதினொன்றை மீட்கிறேன் என்று பன்னிரண்டாவதை அழித்திருப்பேன். கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, 6.20-க்குக் குழுவில் எழுதினேன். பிறகு க.வின் கமிட்டை `rescue` மேல் செர்ரி பிக் செய்து, 7.10-க்கு எல்லாம் சரியாயிற்று.

இனி உங்கள் குறிப்புக்கு வருவோம்.

அன்று இரண்டு செய்திகள் தேவைப்பட்டன, நான் இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்ததுதான் தாமதத்துக்குக் காரணம். ஒன்று எச்சரிக்கை, அது தெரிந்த நிமிடத்திலேயே போக வேண்டும், அதில் மன்னிப்பு, விளக்கம் எதுவும் தேவையில்லை. "integration-இல் நான் தவறாக ஃபோர்ஸ் புஷ் செய்துவிட்டேன். நான் சொல்லும்வரை யாரும் புல், புஷ் எதுவும் செய்யாதீர்கள். ஏற்கெனவே புல் செய்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். உங்கள் கோட் காணவில்லை என்றால் காரணம் நான்தான், நீங்கள் அல்ல." அவ்வளவுதான், முப்பது விநாடியில் அடித்துவிடலாம். உங்கள் விஷயத்தில் இந்த நேரம் கடந்துவிட்டது. நீங்கள் எப்போது சொன்னீர்கள் என்பதைக் குறிப்பில் மறைக்காமல் எழுதுங்கள், தாமதம் இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் மன்னிப்பு.

இரண்டாவதுதான் இப்போது எழுதப்போவது. இதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் மனதில் ஒரு கேள்விதான் இருக்கும்: என் வேலை முழுசாக இருக்கிறதா, அதை நானே எப்படிப் பார்த்துக்கொள்வது? நீங்கள் எவ்வளவு வருந்துகிறீர்கள் என்பது அதற்கு அப்புறம். அதனால் "பெரும்பாலும் மீட்டுவிட்டோம்" என்று எழுதாதீர்கள். பெரும்பாலும் என்றால் எத்தனை? விட்டுப்போனது யாருடையது? ஆறு பேர் குழுவில் ஆளுக்கு ஒரு வரி எழுத முடியும். எத்தனை கமிட் போயிற்று, எத்தனை வந்தது, எண் மாறாமல் வந்ததா மாறி வந்ததா என்று எழுதுங்கள். எண் மாறினால் டிக்கெட்டிலோ ரிவ்யூவிலோ பழைய எண்ணைக் குறித்து வைத்தவர்களுக்குத் தெரிய வேண்டும். திரும்பி வராதது ஏதாவது இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், நடுப்பத்தியில் புதைக்காதீர்கள்.

குறிப்பை அனுப்புவதற்கு முன் அதிகம் பாதிக்கப்பட்டவரிடம் தனியாகப் பேசுங்கள். நான் ச.விடம் போய், நடந்தது இது, உங்கள் கணினியில் கோட் காணாமல் போனது என்னால் என்று சொன்னேன். அவர் முகத்தில் தெரிந்தது கோபம் இல்லை, நிம்மதி. "நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு நினைச்சேன்" என்றார். ஒரு மணி நேரம் மறுபடி எழுதியதைக் குறிப்பில் சொல்லலாமா என்று கேட்டேன், சொல்லுங்கள் என்றார். அவர் வேண்டாம் என்றிருந்தால் "ஒருவர்" என்று போட்டிருப்பேன். தான் குழம்பியதை எல்லோரும் படிப்பது சிலருக்குப் பிடிக்காது, அது அவர்கள் முடிவு.

நான் கடைசியில் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

> அனைவருக்கும்,
>
> நேற்று மாலை 4.40-க்கு நான் integration பிரான்சில் `--force` கொடுத்துப் புஷ் செய்து, அன்று நீங்கள் சேர்த்த 11 கமிட்களைப் பிரான்சிலிருந்து அழித்துவிட்டேன். என் ஒரு கமிட்டின் செய்தியைத் திருத்தியிருந்தேன், அதனால்தான் புஷ் மறுக்கப்படுகிறது என்று நினைத்தேன். உங்கள் கமிட்கள் மேலே இருப்பதை டெர்மினல் சொல்லியது, நான் படிக்கவில்லை.
>
> 5.30-க்கு ம. கேட்டபோதே எனக்கு விஷயம் தெரியும். ஆனால் 6.20 வரை உங்களிடம் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாமல் சரிசெய்யப் பார்த்தேன். அந்த நேரத்தில் ச. தன் வேலை தன் தவறால் போனது என்று நினைத்து மறுபடி எழுதிக்கொண்டிருந்தார், க. உடைந்த பிரான்சின் மேல் வேலை செய்தார். புஷ்ஷைவிட இதுதான் என் பெரிய தவறு. ச., க., ம., வ., உங்கள் நால்வரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்போதைய நிலை: வ.வின் 6, ச.வின் 4, ம.வின் 1, எல்லாம் பழைய எண்களோடேயே திரும்ப வந்துவிட்டன. க. 6 மணிக்குச் சேர்த்த 1 கமிட் வந்துவிட்டது, ஆனால் அதன் எண் மாறியிருக்கிறது, புது எண்ணை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். என் திருத்தத்தை எடுத்துவிட்டேன். நாங்கள் அறிந்தவரை திரும்பாதது எதுவும் இல்லை.
>
> நேற்று 4.40 முதல் 7.10 வரை புல் செய்தவர்கள் இன்று புல் செய்வதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்து பார்க்கலாம். மற்றவர்கள் வழக்கம்போல் புல் செய்யலாம். பழைய நிலை `rescue` என்ற பிரான்சில் அப்படியே இருக்கிறது, உங்கள் கமிட் அதில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.
>
> integration-இல் ஃபோர்ஸ் புஷ் யாராலும் முடியாதபடி சர்வரில் இன்று காலை தடுத்துவிட்டேன், எனக்கும் விலக்கு இல்லை. இன்று தர வேண்டிய பில்ட் மதியத்துக்குத் தள்ளிப்போகிறது, காரணம் நான் என்று டெஸ்டிங் குழுவுக்கும் மேலாளருக்கும் எழுதிவிட்டேன்.

இதில் சில இடங்களை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்கிறேன்.

"சேர்ந்து பார்க்கலாம்" என்று எழுதியதற்குக் காரணம் ச.வுக்கு நடந்தது. வழக்கமாகச் சரிபார்க்கச் சொல்வது இந்தக் கட்டளையை:

```
git fetch
git log --oneline origin/integration..integration
```

உங்களிடம் இருந்து சர்வரில் இல்லாதவற்றை இது காட்டும். புல் செய்யாதவர்களுக்கு இது போதும். ஆனால் நடுவில் `pull --rebase` போட்டவரின் உள்ளூர்ப் பிரான்சும் நகர்ந்துவிட்டதால், காணாமல் போனது இந்தப் பட்டியலில் வராது, என் அமெண்ட் கமிட்தான் தெரியும். அவர் `git reflog integration` போட்டு, புல்லுக்கு முந்தைய வரியின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். மெர்ஜ் வகையில் அமைத்து `git pull` போட்டவருக்கு வேறு கதை, பழைய வரலாறும் என் அமெண்ட் கமிட்டும் ஒன்றாகக் கலந்து ஒரு மெர்ஜ் கமிட் உருவாகியிருக்கும். அதை அவர் புஷ் செய்தால் நான் எடுத்தது திரும்பவும் வரும். ஆளுக்கு ஆள் நிலை வேறு, அதனால்தான் ஒரே கட்டளையை எல்லோருக்கும் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது லீடின் வேலை, அதுவும் உடைத்தவர் லீடாக இருக்கும்போது.

தடுப்பைப் பற்றி: "இனி கவனமாக இருப்பேன்" என்று எழுதவில்லை, ஏனென்றால் அன்றும் கவனமாகத்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். செய்து முடித்ததைத்தான் எழுதினேன். கிட்ஹப், கிட்லேப் இரண்டிலும் பிரான்சைப் பாதுகாக்கப்பட்டது என்று குறித்தால் ஃபோர்ஸ் புஷ் இயல்பாகவே மறுக்கப்படும். சொந்த சர்வர் என்றால் `receive.denyNonFastForwards` இருக்கிறது. கிட்ஹப்பில் ஒரு சிக்கல், நிர்வாகி உரிமை உள்ளவர்களுக்கு இந்த விதி தானாகப் பொருந்தாமல் போகலாம், விதிகளை மீற முடியாது என்ற தேர்வையும் தனியாகப் போட வேண்டும். குழுவில் அந்த உரிமை பெரும்பாலும் யாரிடம் இருக்கும்? லீடிடம். எங்கள் விஷயத்தில் பூட்டு ஏற்கெனவே இருந்து எனக்கு மட்டும் திறந்திருந்தது என்றால் எவ்வளவு கேவலம் என்று யோசித்துப் பாருங்கள். நல்லவேளை, பூட்டே இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள், மன்னிப்புக் குறிப்பிலேயே மற்றவர்களுக்கு விதி போடாதீர்கள். "இனி யாரும் integration-இல் நேரடியாகப் புஷ் செய்யக் கூடாது", "எல்லோரும் அடிக்கடி ஃபெட்ச் செய்யுங்கள்" என்று ஆறாவது வரியில் வந்தால், தவறு செய்தவர் ஒருவர், தண்டனை ஐந்து பேருக்கு என்று ஆகிவிடும். வேலைமுறை மாற வேண்டும் என்றால் அடுத்த வாரம் வேறு பேச்சாக எடுங்கள். அதேபோல "நாம் எல்லோரும் இதிலிருந்து கற்றுக்கொள்வோம்" என்ற "நாம்" வேண்டாம். குறிப்பு முழுக்க "நான்" என்றே போகட்டும்.

இன்னொரு பக்கமும் சாயாதீர்கள். என் இரண்டாவது வரைவில் "நான் லீடாக இருக்கவே தகுதியில்லாதவன்" என்ற அளவுக்குப் போயிருந்தேன், இரவு பதினொரு மணிக்கு எழுதினால் அப்படித்தான் வரும். நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "இதைப் படிச்சா அவங்கதான் உன்னைச் சமாதானப்படுத்தணும் போலிருக்கே" என்றார். சரிதான் என்று எடுத்துவிட்டேன். கீழே வேலை செய்பவர்கள் லீடிடம் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள், வேறென்ன சொல்ல முடியும்? அதனால் "மன்னித்துவிட்டீர்கள் என நம்புகிறேன்" போன்ற, பதிலை எதிர்பார்க்கும் வரி எதுவும் வேண்டாம். ச. அன்று எதுவும் எழுதவில்லை, ஒரு கட்டைவிரல்கூட இல்லை. அதுவும் சரிதான்.

எங்கே அனுப்புவது என்றால், வேலைப் பேச்சு நடக்கும் அதே இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி. மேலாளருக்கு எழுதுவதும் இதே உண்மையைச் சொல்ல வேண்டும், அங்கே "குழுவில் ஒரு மெர்ஜ் பிரச்சினை" என்று எழுதிவிட்டு இங்கே "நான்தான்" என்று எழுதினால் என்றாவது இரண்டும் ஒரே திரையில் திறக்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், நான் அன்று விட்டுவிட்டது. `rescue` பிரான்சை எப்போது அழிப்பீர்கள் என்று ஒரு தேதியைக் குறிப்பில் போடுங்கள். நீங்கள் மீட்டது முழுமையா என்று எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை அது இருக்கட்டும், யாராவது விடுப்பில் இருந்தால் அவர் திரும்பி வந்து பார்க்கும்வரை. எந்தப் பிரான்சும் பிடித்துக்கொள்ளாத கமிட்களை கிட் நிரந்தரமாக வைத்திருக்காது. உங்கள் கணினியில் ரீஃப்லாக் அவற்றை இயல்பாக 30 நாள் வரை பிடித்து வைக்கும், ஆனால் சர்வரில் உள்ள வெற்றுக் களஞ்சியத்தில் ரீஃப்லாக் இயல்பாகவே அணைந்திருக்கும், அங்கே குப்பை அள்ளும்போது இரண்டு வாரத்துக்கு மேல் பழையதானவை போய்விடும். நான் மூன்றாம் நாளே சுத்தம் செய்கிறேன் என்று `rescue`-ஐ அழிக்கப் போனபோது வ.தான் தடுத்தார், அவர் இன்னும் தன்னுடைய ஆறையும் எண்ணிப் பார்த்து முடிக்கவில்லை.